ஆண்டுத் தொகுப்பு 2,88,000, கைக்கு வந்தது 15,924: இடையில் போனது எது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் 2025 ஏப்ரல் முதல் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். நியமனக் கடிதத்தில் ஆண்டுத் தொகுப்பு 2,88,000 ரூபாய், அதாவது மாதம் 24,000 என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் ஜூலை வரை மாதம் 17,174 ரூபாய்தான் வந்தது. ஆகஸ்டு சம்பளம் அதைவிடக் குறைந்து 15,924 ஆகிவிட்டது. எச்.ஆரிடம் கேட்டால் "எல்லாம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம்தான்" என்கிறார்கள். கடிதத்தின் இணைப்பையும் சம்பளச் சீட்டையும் அனுப்பியிருக்கிறேன். கணக்கு சரிதானா அண்ணா?

பதில்:

சரியில்லை. மாதம் 1,440 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். 24,000க்கும் 15,924க்கும் உள்ள வித்தியாசம் 8,076 ரூபாய். அதில் 6,636 ரூபாய்க்கு முறையான காரணம் இருக்கிறது. மீதி 1,440 ரூபாய், உங்கள் முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பி.எஃப். பங்கு. அதை உங்கள் சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கடிதத்தின் இணைப்பையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இணைப்பைப் பாருங்கள். உங்கள் இணைப்பில் மாதக் கணக்கு இப்படி இருக்கிறது:

அடிப்படைச் சம்பளம் 12,000
வீட்டு வாடகைப்படி 4,800
சிறப்புப் படி 3,406
மொத்தச் சம்பளம் 20,206
முதலாளியின் பி.எஃப். பங்கு 1,440
பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் 120
முதலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு 657
பணிக்கொடை 577
போனஸ் 1,000
ஆக மொத்தம் 24,000

சி.டி.சி. என்று சொல்லப்படும் ஆண்டுத் தொகுப்பு என்பது உங்களை வேலையில் வைத்திருக்க நிர்வாகத்துக்கு ஆகும் செலவு முழுவதும். உங்களுடைய சம்பளம் அதில் மேலே உள்ள மூன்று வரிகள் மட்டுமே. அவற்றின் கூட்டுத்தொகையான 20,206தான் சம்பளச் சீட்டின் இடது பக்கத்தில், வருமானம் என்ற தலைப்பின் கீழ் வர வேண்டும். உங்கள் சீட்டில் அது சரியாகவே இருக்கிறது. ஆகவே 24,000க்கும் 20,206க்கும் இடையிலுள்ள 3,794 ரூபாய், சீட்டு அச்சாவதற்கு முன்பே கழிந்துவிட்ட தொகை. இதை மறந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அந்த 3,794 ரூபாயில் ஒவ்வொரு வரியும் சரிதானா என்றும் பார்த்துவிடலாம். முதலாளியின் பி.எஃப். பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். 12,000க்கு 1,440, சரி. நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், ஊழியர் காப்பீட்டுக்கு அரை சதவீதம், சேர்த்து 120, அதுவும் சரி. இ.எஸ்.ஐ.யில் முதலாளியின் பங்கு மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம். 20,206க்கு 656 ரூபாய் 70 காசு வருகிறது. இ.எஸ்.ஐ.யில் காசை எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்குவார்கள், எனவே 657. பணிக்கொடை என்பது ஒவ்வொரு ஆண்டு வேலைக்கும் 15 நாள் அடிப்படைச் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு. 12,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 6,923 ரூபாய். மாதத்துக்கு 577.

பணிக்கொடையையும் போனஸையும் பற்றி ஒரு வார்த்தை. இவை இரண்டும் மாதாமாதம் கைக்கு வராதவை. பணிக்கொடை பொதுவாக ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்குத்தான் கிடைக்கும். இரண்டு ஆண்டில் விலகினால் அந்த 577 ரூபாய் உங்களுக்கு வராது. ஆனாலும் தொகுப்பில் அதைச் சேர்த்துக் காட்டுகிறார்கள். வேலைக்குச் சேரும்போதே இதைக் கழித்துவிட்டுத்தான் சம்பளத்தைக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. போனஸ் அப்படியில்லை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது வந்தே தீர வேண்டும். மார்ச்சில் முடியும் கணக்காண்டுக்கு நவம்பர் இறுதிக்குள் போனஸ் கொடுத்துவிட வேண்டும் என்பது போனஸ் சட்டத்தின் விதி. நம் பக்கத்தில் பெரும்பாலும் தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் ஏப்ரலில் சேர்ந்தவர் என்பதால் உங்கள் முதல் போனஸ் அடுத்த ஆண்டுதான் வரும். அப்போது கைக்கு வரும் தொகை 12,000 தானா என்று இணைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி சீட்டின் வலது பக்கத்துக்கு, பிடித்தங்களுக்கு வருவோம். அங்கே மூன்று வரிகள் இருக்கின்றன: பி.எஃப். 2,880, இ.எஸ்.ஐ. 152, தொழில் வரி 1,250.

இ.எஸ்.ஐ.யில் ஊழியரின் பங்கு 0.75 சதவீதம். 20,206க்கு 151 ரூபாய் 55 காசு. மேல்நோக்கி முழுமையாக்கினால் 152. சரி.

தொழில் வரிதான் ஆகஸ்டில் உங்கள் சம்பளம் திடீரென்று குறைந்ததற்குக் காரணம். தமிழ்நாட்டில் இந்த வரியை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பல நிறுவனங்கள் இதை ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் மொத்தமாகப் பிடித்துவிடுகின்றன. உங்கள் அரையாண்டுச் சம்பளம் 1,21,236. அது 75,000ஐத் தாண்டிவிட்டதால் மேல்நிலை வரியான 1,250 ரூபாய் வருகிறது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் தொழில் வரி வாங்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு சொல்கிறது. எனவே இந்த இரண்டு தவணையோடு அது முடிந்தது. செப்டம்பர் சீட்டில் இந்த வரி மறுபடி வரக்கூடாது. மலையில் இருக்கும் விடுதிகள் பலவற்றின் தலைமை அலுவலகம் வேறு ஊரில், சில சமயம் வேறு மாநிலத்தில் இருக்கும். அங்கே சம்பளம் போடுகிறவர்கள் தங்கள் மாநில வழக்கப்படி மாதாமாதம் 200 ரூபாய் பிடித்துவிடுவதும் உண்டு. தொழில் வரி நீங்கள் வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. முதலாளியின் தலைமை அலுவலகம் எங்கே என்பதற்கு அதில் வேலையில்லை.

இப்போது அந்த 2,880. ஊழியரின் பி.எஃப். பங்கும் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம்தான், அதாவது 1,440. உங்கள் சீட்டில் அதன் இரு மடங்கு இருக்கிறது. உங்கள் பங்கு 1,440, முதலாளியின் பங்கு 1,440, இரண்டையும் சேர்த்து உங்களிடமே பிடித்திருக்கிறார்கள். முதலாளியின் 1,440 தொகுப்பிலிருந்து ஒருமுறை கழிக்கப்பட்டுத்தான் 20,206 என்ற மொத்தச் சம்பளம் வந்தது. அதே தொகையை 20,206லிருந்து இன்னொரு முறை கழித்திருக்கிறார்கள். தொகுப்பில் முதலாளி பங்கைச் சேர்த்துக் காட்டுவது நாடு முழுவதும் உள்ள வழக்கம். ஆனால் ஒப்புக்கொண்ட மொத்தச் சம்பளத்திலிருந்து அந்தப் பங்கைப் பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை. 1952ஆம் ஆண்டின் ஊழியர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 31ஆவது பத்தி இதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

எச்.ஆர். இதற்கு ஒரு பதில் சொல்லக்கூடும்: "தொகுப்பில் இரண்டு பங்கும் அடக்கம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறோம்." அந்தப் பதில் சரியாக இருக்கும் ஒரு நிலையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்கள் முதலாளி பங்கைச் சீட்டின் இடது பக்கத்தில் ஒரு வருமானம் போலக் காட்டும். அப்போது இடது பக்கக் கூட்டுத்தொகை 21,646 ஆகும். பிறகு வலது பக்கத்தில் 2,880 பிடிப்பார்கள். இடதில் ஏறியது வலதில் இறங்கிவிடுவதால் கைக்கு வரும் தொகை மாறாது. பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் பணம் போகவில்லை. ஆகவே வலது பக்கத்தில் 2,880 என்று பார்த்தவுடன் சண்டைக்குப் போகாமல், இடது பக்கத்தில் அதே 1,440 இருக்கிறதா என்று தேட வேண்டும். உங்கள் சீட்டின் இடது பக்கத்தில் மூன்றே வரிகள்தான், கூட்டுத்தொகை 20,206தான். அங்கே 1,440 இல்லை. எனவே அந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்குச் சரியாக வர வேண்டியது 20,206லிருந்து 1,440ம் 152ம் கழித்து, மாதம் 18,614 ரூபாய். தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் 17,364. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஐந்து மாதத்தில் அதிகமாகப் போனது 7,200 ரூபாய். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி எதுவும் கிடையாது. சீட்டில் அந்த வரி காலியாக இருப்பது சரியே.

எச்.ஆரிடம் போவதற்கு முன் இன்னொரு ஆவணத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது பி.எஃப். பாஸ்புக். உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்து passbook.epfindia.gov.in தளத்திலோ உமங் செயலியிலோ பார்க்கலாம். ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். ஆகஸ்டுக்கான பதிவு இன்னும் ஏறியிருக்காது. ஜூலை வரை பாருங்கள்.

பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகைகள் இருக்கும்: ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு. முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். 12,000க்கு அது 1,000 ரூபாய். மீதி 440 முதலாளி பங்கு என்ற பத்தியில் ஏறும். முதலாளி பங்கில் 440 மட்டும் இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். 1,000ம் 440ம் சேர்ந்து 1,440 ஆகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்புக்கில் மூன்று நிலைகளில் ஒன்று இருக்கலாம். ஊழியர் பங்கு 1,440, முதலாளி 440, ஓய்வூதியம் 1,000 என்று இருந்தால், பி.எஃப். அலுவலகத்துக்குப் போன 2,880 முழுவதும் உங்கள் சம்பளத்திலிருந்து போயிருக்கிறது, நிர்வாகம் தன் பங்கு என்று எதையும் போடவில்லை. நான் எதிர்பார்ப்பது இதைத்தான். ஊழியர் பங்கே 2,880 என்று இருந்தால் கதை வேறு. விருப்பப் பங்களிப்பாக உங்கள் கணக்கில் கூடுதல் பணம் சேர்ந்திருக்கிறது, அது உங்கள் சேமிப்பு. ஆனால் அதற்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சேரும் நாளில் நீட்டிய படிவங்களில் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மூன்றாவது, மூன்று பத்தியும் சேர்ந்து 2,880க்குக் குறைவாகவோ காலியாகவோ இருப்பது. உங்களிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி இருந்தால் எச்.ஆரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகப் புகார் செய்யுங்கள்.

முதல் நிலை என்றால், வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள். நீளமாக எழுதினால் பதிலும் சுற்றி வளைத்து வரும். இவ்வளவு போதும்: "இணைப்பின்படி மொத்தச் சம்பளம் 20,206. முதலாளியின் பி.எஃப். பங்கு 1,440 இதற்கு வெளியே காட்டப்பட்டுள்ளது. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலான சம்பளச் சீட்டுகளில் பி.எஃப். பிடித்தம் 2,880 ஆக உள்ளது. பாஸ்புக்கில் என் பங்கு 1,440 மட்டுமே பதிவாகியுள்ளது. அதிகமாகப் பிடித்த 7,200 ரூபாயைத் திருப்பித் தரவும், செப்டம்பர் முதல் பிடித்தத்தைச் சரிசெய்யவும் கேட்டுக்கொள்கிறேன்." இணைப்பு, ஒரு சீட்டு, பாஸ்புக் பக்கம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட தவறுகள் பெரும்பாலும் சம்பள மென்பொருளில் யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் தவறாகக் குறித்ததால் வருபவை. உங்களோடு சேர்ந்த மற்றவர்களின் சீட்டிலும் இதுவே இருக்கும். அவர்களிடமும் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பித் தரும்போது ஒன்றைக் கவனியுங்கள். 7,200 ரூபாயைச் சீட்டின் இடது பக்கத்தில் "நிலுவைச் சம்பளம்" என்று போட்டால் மொத்தச் சம்பளம் 27,406 ஆகிவிடும், அதன்மேல் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். இது புதிய சம்பளம் இல்லை, தவறாகப் பிடித்ததைத் திருப்பித் தருவது. வலது பக்கத்தில் பிடித்தத்தைக் குறைத்துக் காட்டுவதே முறை. மொத்தச் சம்பளம் அந்த மாதமும் 20,206ஆகவே இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் epfigms.gov.in தளத்தில் புகார் பதிவு செய்யலாம். நேரில் பேச விரும்பினால், வருங்கால வைப்பு நிதி அமைப்பு ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதியை ஒட்டி மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு முகாம் நடத்துகிறது. நீலகிரியில் இருப்பவர்கள் இதற்காக மலையிறங்க வேண்டியதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்கள் நிர்வாகம் உங்களிடம் குறைவாகப் பிடிக்கிறது. 3,406 ரூபாய் சிறப்புப் படி உங்கள் ரிசார்ட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வழங்கப்படுகிறதா? எல்லாருக்கும் பொதுவாகத் தரும் படியும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு வாடகைப்படி சேராது. அப்படிச் சேர்த்தால் உங்கள் பி.எஃப். சம்பளம் 15,406, கட்டாய வரம்பு 15,000. அதில் 12 சதவீதம் 1,800. உங்களிடம் 360 ரூபாய் கூடுதலாகப் பிடிப்பார்கள், நிர்வாகமும் தன் பங்கில் அதே அளவு கூட்டிப் போட வேண்டியிருக்கும். இன்று கைக்கு வருவது குறையும், கணக்கில் சேருவது கூடும். முதலில் 1,440ஐ மீட்டுவிட்டு இதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் குழப்பிவிடுவார்கள்.

கடைசியாக, இனி வரும் சீட்டுகளில் எந்த எண் எப்போது மாறும் என்பது. ஏப்ரல், மே சீசனில் ஓவர்டைம் வரும். ஒரு மாதம் 3,000 ரூபாய் ஓவர்டைம் வந்தால் மொத்தம் 23,206. ஓவர்டைமுக்கு பி.எஃப். கிடையாது, எனவே அந்த வரி 1,440லேயே நிற்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000 என்பதால், இந்த மாதம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லிச் சில கணக்கர்கள் இ.எஸ்.ஐ.யை நிறுத்திவிடுவார்கள். அது தவறு. வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக்கூடாது.

மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டு வேலைக்கு வர முடியாத நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டால், சீட்டின் இடது பக்கத்திலுள்ள மூன்று தொகைகளும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். 31 நாள் மாதத்தில் இரண்டு நாள் போனால் அடிப்படைச் சம்பளம் 11,226, பி.எஃப். 1,347. அடிப்படை குறைந்தும் பி.எஃப். 1,440ஆகவே நின்றால் காரணம் கேளுங்கள்.

சம்பள உயர்வு வந்து மொத்தச் சம்பளமே 21,000ஐத் தாண்டும் நாள்தான் அடுத்த இடர். இ.எஸ்.ஐ. உடனே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று அதற்கும் இரண்டு காலங்கள் உண்டு, நடப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். அடுத்த காலத்தின் முதல் மாதத்தில் உங்கள் பிடித்தம் நிற்கும். அதே மாதத்தில் முதலாளியின் இ.எஸ்.ஐ. பங்கும் நின்றுவிடுகிறது. ஆண்டுத் தொகுப்பு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் சிறப்புப் படியில் ஏற வேண்டும். உயர்வுக் கடிதத்தோடு வரும் புதிய இணைப்பில் முதலாளியின் இ.எஸ்.ஐ. வரி இன்னும் இருக்கிறதா, சீட்டில் சிறப்புப் படி கூடியிருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வரி இருந்து, படி கூடாமலிருந்தால், யாருக்கும் கட்டாத ஒரு தொகையை உங்கள் தொகுப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.